100 ஜி.எஸ்.எம். ஊறுகிறது, 52 ஜி.எஸ்.எம். தாங்குகிறது

போன வருடம் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கினேன். அட்டையில் பெரிதாக 100 ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்தது. தாளைத் தொட்டால் திடமாக இருந்தது, இங்க் பேனாவுக்கு ஏற்றது என்று நம்பினேன். மீடியம் நிப்பில் ராயல் ப்ளூ ஊற்றி ஒரு பக்கம் எழுதித் திருப்பினால், பின்பக்கம் முழுக்க நீலப் புள்ளிகள். அதே பேனாவால், அதே மையால், ஜப்பானின் டோமோ ரிவர் தாளில் எழுதினேன். அது வெறும் 52 ஜி.எஸ்.எம்., வெங்காயச் சருகு போல இருக்கும். பின்பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். அந்தத் தாள் தண்ணீரை எப்படி நடத்தும் என்பதை அது சொல்லாது. இங்க் பேனா மையோ பெரும்பகுதி தண்ணீர்.

காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். நாருக்கும் நாருக்கும் நடுவே நுண்ணிய சந்துகள். செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் உயிர், விட்டால் இழுத்துக்கொள்ளும். எந்த மருந்தும் சேர்க்காத காகிதம் மை ஒற்றும் தாள்தான். அதை எழுதும் தாளாக மாற்றுவது சைஸிங் என்ற வேலை. கூழிலேயே தண்ணீரை விலக்கும் பொருளைக் கலப்பது முதல் படி. முன்பு பைன் மரப் பிசினும் படிகாரமும் சேர்த்தார்கள், இப்போது பெரும்பாலும் ஏ.கே.டி. என்னும் மெழுகு போன்ற பொருள். தாள் உருவானபின் மேற்பரப்பில் ஸ்டார்ச் கரைசலைப் பூசுவது இரண்டாவது படி. வேட்டிக்குக் கஞ்சி போடுவது போலத்தான். கஞ்சி மேலே நார்களை அடைத்து ஒட்டுகிறது, உள்ளே மெழுகு மையை உள்வாங்க விடாமல் நிறுத்துகிறது. மை மேலேயே நின்று காய்கிறது.

என் 100 ஜி.எஸ்.எம். நோட்டில் நார் நிறைய, சைஸிங் குறைவு. டோமோ ரிவரில் நார் கொஞ்சம், சைஸிங் பலமாக இருக்கிறது.

இதை அளக்க ஆலைகளில் காப் சோதனை என்று ஒன்று உண்டு. 100 சதுர சென்டிமீட்டர் வளையத்துக்குள் தாளை வைத்து, மேலே தண்ணீர் ஊற்றி, 60 வினாடி கழித்து ஒற்றியெடுத்து, எடை எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள். அதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் தண்ணீர் என்று கணக்கிடுவார்கள். எண் குறைந்தால் சைஸிங் பலம் என்று அர்த்தம். நமக்கு உண்மையில் வேண்டிய எண் இதுதான், ஆனால் நோட்டு அட்டையில் அச்சாவது ஜி.எஸ்.எம்.

மூன்று கோளாறுகளையும் நாம் 'இங்க் ஊறுது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கோட்டின் ஓரத்தில் முடி முடியாகக் கிளைப்பது பரவல். பின்பக்கம் மையே வந்து நிற்பது ஊறல். பின்பக்கம் மை வராமல் எழுத்தின் நிழல் மட்டும் தெரிவது வேறு சங்கதி.

முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், சைஸிங் போதாமை. மேற்பரப்பில் நார் வழியே ஓடினால் பரவல், கீழ்நோக்கி இறங்கினால் ஊறல். பலருக்குப் பரவல் தெரிவதற்கு முன்பே ஊறல் கண்ணில் படுவதற்குக் காரணம் அளவு. சாதாரணத் தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். மை பக்கவாட்டில் அந்தத் தூரம் போனால் பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. கீழ்நோக்கி அதே தூரம் போனால் மறுபக்கத்துக்கு வந்துவிடும்.

நிழலுக்குச் சைஸிங்கோடு சம்பந்தமில்லை, அது வெளிச்சத்தின் விஷயம். காகிதம் வெள்ளையாக, மறைப்பாக இருப்பது நாருக்கும் நடுவிலுள்ள காற்றுக்கும் இடையே ஒளி சிதறுவதால். பஜ்ஜி வைத்த பேப்பர் கண்ணாடி போல ஆவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று இருந்த சந்துகளை எண்ணெய் நிரப்பியதும் சிதறல் குறைந்துவிடுகிறது. டோமோ ரிவர் மெல்லியது, நெருக்கமாக அழுத்தப்பட்டது, உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. அதனால்தான் ஒரு சொட்டு மையும் இறங்காத அந்தத் தாளில் பின்பக்க நிழல் அவ்வளவு தெரிகிறது. கனம் கூடினால் நிழல் குறையும், சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பிகள் சேர்த்தாலும் குறையும். ஜி.எஸ்.எம். எண்ணுக்கு நேரடியாக வேலை இருப்பது இங்கேதான்.

நிழலா ஊறலா என்று சந்தேகம் வந்தால், தாளைத் திருப்பி அடியில் கறுப்புத் தாளை வையுங்கள். நிழலாக இருந்தால் மங்கிவிடும், ஊறிய புள்ளி அப்படியே நிற்கும். ஈரத் துணியால் பின்பக்கத்தை லேசாக ஒற்றியும் பார்க்கலாம், சாய மையாக இருந்து ஊறியிருந்தால் நீலம் ஒட்டும்.

இனி ஒப்பிடலாம். 75 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாள் டோனர் தூளுக்காகச் செய்யப்பட்டது. டோனரில் தண்ணீரே இல்லை, ஆகவே மையைத் தடுக்க வேண்டிய கட்டாயமும் அந்தத் தாளுக்கு இல்லை. என் பேனாவில் கோடு தடித்து, ஓரம் முடி விட்டது. ஐந்து வினாடியில் காய்ந்துவிட்டது. வேகமாகக் காய்வது நல்லதுதானே என்று தோன்றும். அந்த வேகம் உறிஞ்சுவதால் வருவது.

டோமோ ரிவரில் அரை நிமிடம் காத்திருந்தேன். எழுதிய உடனே நோட்டை மூடுகிறவர்களுக்கும், இடக்கையால் எழுதுகிறவர்களுக்கும் இது பெரிய தொல்லை. ஆனால் மை மேலே நின்று காய்வதால் ஒரே எழுத்துக்குள் வெளிர்நீலமும் அடர்நீலமும் தனித்தனியாகத் தெரியும். கடிதத்துக்கும் நாட்குறிப்புக்கும் எனக்கு இதற்கு இணை இல்லை.

இரண்டு பக்கமும் எழுத வேண்டிய அன்றாட வேலைக்கு நான் தேர்ந்தெடுப்பது பிரான்ஸின் கிளேர்ஃபோன்டேன் 90 ஜி.எஸ்.எம். பளபளப்பான தாள், சைஸிங்கும் உண்டு, கனமும் உண்டு. விலைதான் கை கடிக்கும். அந்த வழவழப்பில் கை எண்ணெய் பட்ட இடத்தில் மை ஒட்டாமல் கோடு விட்டுப்போகும். உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நம் லாங் சைஸ் பள்ளி நோட்டுகளைப் பற்றி ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே பெயரில் இந்த வருடம் வருவதும் அடுத்த வருடம் வருவதும் வேறு ஆலைத் தாளாக இருக்கலாம். ஆகவே கடைக்குப் பேனாவோடு போங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, கடைசித் தாளில் ஒரு 8 போடுங்கள், பிறகு நிப்பை ஒரே இடத்தில் மூன்று வினாடி வைத்து எடுங்கள். 8-இன் நடுச்சந்தி அடைபட்டால் பரவல். புள்ளியின் பின்பக்கம் நீலம் வந்தால் ஊறல். தாளின் இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள், ஆலையில் கம்பிவலையில் படிந்த பக்கமும் மேல்பக்கமும் ஒன்று போல இருப்பதில்லை.

அந்த 100 ஜி.எஸ்.எம். நோட்டைத் தூக்கிப் போடவில்லை. ஃபைன் நிப் பேனாவில் பெலிக்கான் 4001 ப்ளூ-பிளாக் ஊற்றி எழுதுகிறேன். இரும்பு சேர்ந்த மை அது, பேனாவிலிருந்து கஞ்சத்தனமாகத்தான் இறங்கும். பின்பக்கம் இப்போது சுத்தமாக இருக்கிறது. முற்றுப்புள்ளி வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கினால் மட்டும் ஒரு கறுநீலப் பொட்டு எட்டிப் பார்க்கிறது.