பேக்கரிக் கழிவை ERPNext-இல் எழுதும் முறை: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

எங்கள் பேக்கரியில் ஸ்டாக், பில், கணக்கு மூன்றும் ERPNext என்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. இங்கே நான் சொல்லப்போவது கெட்டுப்போனதையும் உடைந்ததையும் அதில் எழுதுவதைப் பற்றி மட்டும். மற்ற வசதிகளுக்கு நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் எல்லோரும் செய்வது இதுதான்: கடை மூடும்போது இருப்பை எண்ணி, `Stock Reconciliation`-இல் போட்டுவிடுவது. கணினி இருப்பும் கையிருப்பும் சரியாகிவிடும். ஆனால் கருகியது, காய்ந்தது, பில் போடாமல் போனது எல்லாம் ஒரே வித்தியாசமாக ஒரே கணக்கில் விழும். மாதக் கடைசியில் அந்தத் தொகையைப் பார்த்து என்ன முடிவு எடுக்க முடியும்? ஒன்றும் முடியாது.

ஒரு நாள் கணக்கை எடுத்துக்கொள்வோம். காலையில் பழைய இருப்பு 6 பிரெட். புதிதாகச் சுட்டது 120. பில்லில் விற்றது 108. மீதி 18 இருக்க வேண்டும், தட்டில் எண்ணினால் 9. நேரே இருப்பைத் திருத்தினால் ‘9 குறைவு’ என்பதோடு கதை முடிந்தது. மாறாக, அடிப்பக்கம் கருகிய 4, நாள் கடந்த 3 என்று எறியும்போதே எழுதியிருந்தால், காரணம் தெரியாத குறைவு 2 மட்டும். அந்த 4 ஓவன்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அந்த 3, எவ்வளவு சுடுகிறோம் என்ற கேள்வி. மீதி 2 கல்லாப் பக்கம் பார்க்க வேண்டியது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இதற்கு நாங்கள் பயன்படுத்துவது `Stock Entry`, வகை `Material Issue`. ஒவ்வொரு வரியிலும் `Difference Account` என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ‘கழிவு நஷ்டம்’ என்று தனியாகத் திறந்த செலவுக் கணக்கைக் கொடுக்கிறோம். கவனிக்காமல் விட்டால் அது வேறு பொதுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், லாபநஷ்ட அறிக்கையில் கழிவு தனியாகத் தெரியாது. காரணத்துக்கு ஒரு தனிப் புலம் சேர்த்து, கருகியது, நாள் கடந்தது, நசுங்கியது, மாதிரிக்குக் கொடுத்தது என்று நான்கு மட்டும் வைத்திருக்கிறோம். பட்டியல் நீண்டால் வேலையாட்கள் முதலில் இருப்பதையே தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ‘மற்றவை’ என்று ஒன்று வைக்கவே வேண்டாம்; எல்லாம் அதில்தான் போய் விழும்.

மதிப்பை நாம் போட வேண்டியதில்லை, அடக்க விலையை அதுவே எடுத்துக்கொள்கிறது. ‘விற்பனை விலையில் அல்லவா நஷ்டம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. விற்காத பிரெட்டின் வருமானம் கணக்கில் ஏறவே இல்லை. ஏறாத லாபத்தையும் செலவாக எழுதினால் நஷ்டம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

ரொம்பக் கவனம் வேண்டிய இடம் உற்பத்திப் பதிவு. 120-க்கான மாவும் வெண்ணெயும் போட்டு, 4 கருகியதால் `Manufacture` பதிவில் 116 என்று எழுதினால் இருப்பு சரியாகவே இருக்கும். ஆனால் 120-இன் மூலப்பொருள் செலவை 116 பிரெட் சுமக்கும்; ஒவ்வொன்றின் அடக்கமும் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறும். கழிவுக் கணக்கில் ஒன்றுமே தெரியாது. அதனால் 120 என்றே உற்பத்தி எழுதி, 4-ஐ கழிவாக எடுக்கிறோம். பிசைந்த மாவே கெட்டுப்போனால் நிலைமை வேறு. அப்போது உற்பத்திப் பதிவு போட்டிருக்க மாட்டோம், ஆகவே மாவு, சர்க்கரை, ஈஸ்ட் என்று மூலப்பொருளாகவே கழிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒரே நஷ்டம் இரண்டு முறை ஏறிவிடும். சுடும்போது ஈரம் போய் எடை குறைவது கழிவில் வராது. எப்போதும் நடக்கும் அந்தக் குறைவு, எதற்கு எவ்வளவு மூலப்பொருள் என்று சொல்லும் `BOM` பட்டியலின் அளவிலேயே அடங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று. சிலர் ‘கழிவு’ என்று ஒரு கிடங்கு திறந்து அதற்கு `Material Transfer` போடுகிறார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அங்கிருந்து `Material Issue` போடும்வரை அந்தப் பொருள் சொத்தாகவே நிற்கும், நஷ்டம் வெளியே வராது.

குறை என்று சொன்னால், கூட்ட நேரத்தில் யாரும் கணினிப் பக்கம் வருவதில்லை. குப்பைத் தொட்டிக்கு மேலே ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, இரவில் ஏற்றுகிறோம். அப்படி ஏற்றும்போது நேரத்தை மாற்றாவிட்டால் எல்லாக் கழிவும் இரவு நேரத்திலேயே பதிவாகும், எந்த ஷிப்டில் அதிகம் என்று பார்க்க முடியாது. `Edit Posting Date and Time`-ஐ டிக் செய்து நேரம் மாற்றலாம். ஆனால் பழைய தேதியில் நுழைக்கும்போது அதற்குப் பின்னுள்ள பதிவுகளின் மதிப்பை மென்பொருள் மறுபடி கணக்கிடுகிறது, அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் அன்றன்றைக்கே ஏற்றிவிடுகிறோம், அடுத்த நாளுக்குத் தள்ளுவதில்லை.