பங்கு மாற்றமா, வைப்புத்தொகையா?

சுங்கை சிப்புட் கூட்டுறவு வாரியத்தினருக்கு,

தோட்டப் பங்கும் வங்கிப் பங்கும் நம்மிடம் தலா 50 லட்சம் ரிங்கிட். எதையும் கூடுதலாக வாங்கவில்லை, தினசரி ஏற்ற இறக்கமும் அதே 1.2 விழுக்காடுதான். ஆனால் இரண்டும் சேர்ந்தே விழுகின்றன: இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவு 0.2இலிருந்து 0.8 ஆகிவிட்டது. அதனால் ஒருநாள் இடர் மதிப்பு, அதாவது நூற்றில் 99 நாள்களில் நம் நட்டம் தாண்டாத தொகை, 2,17,000 ரிங்கிட்டிலிருந்து 2,65,000 ஆனது. வரம்பு 2,40,000. தோட்டப் பங்கில் 10 லட்சத்தை விற்று எங்கே போடலாம்?

இடர்: வங்கிப் பங்கில் போட்டால் 2,66,000, சற்றே கூடுகிறது! நிலையான வைப்பில் 2,39,000.
செலவு: முன்னதில் இரண்டு தரகு. பின்னதில் ஒன்று, ஆனால் ஈவுத்தொகை போய் வட்டி வரும்.

வரம்புக்குள் வர வைப்புதான் வழி. ஒட்டுறவு 0.2க்கே திரும்பும் என்று உறுதியாக நம்புபவர்களுக்கு மட்டும் பங்கு மாற்றம் சரி, நான் நம்பவில்லை.

இடர் அதிகாரி