ஐயாவோட வாலிபம் திரும்பிடுச்சு: சீனப் பின்னூட்டங்களோடு மூன்று வருடம்

சீனம் தெரியாத நண்பர்கள் சிலருக்காக பிலிபிலி என்ற சீனத் தளத்துக் காணொளிகளுக்கு மூன்று வருடமாகத் தமிழில் அடிவரி போடுகிறேன். அங்கே பின்னூட்டங்கள் படத்துக்குக் கீழே மட்டும் இருப்பதில்லை, படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். பாதிச் சிரிப்பு அதில்தான். அதை விட்டுவிட்டு அடிவரி போட்டால் ஆள் இல்லாத கொட்டகையில் படம் பார்த்த மாதிரி இருக்கும். அதனால் அதையும் சேர்த்தே செய்கிறேன்.

ஆரம்பத்தில் தடுக்கியது சுருக்கெழுத்துகள். சீனத்தில் ஒவ்வொரு எழுத்தின் ஒலிக்கும் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் தட்டிவிடுவார்கள். xswl என்றால் 'ஷியாவ் ஸி வோ லெ', நம் ஊர்ப் பேச்சில் 'சிரிச்சே செத்தேன்'. இதற்கு நான் இன்றுவரை பயன்படுத்துவது nbnhhsh என்ற சின்ன நிரல். உலாவியில் சேர்த்துக்கொண்டு, புரியாத எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால் போதும், அவை எதையெல்லாம் குறிக்கலாம் என்று ஒரு பட்டியல் வரும். அதன் பெயரே ஒரு சுருக்கம்தான்: 'ஒழுங்காப் பேச முடியாதா?'

பட்டியல் தருவது வரைதான் அதன் வேலை, தேர்வு நம்முடையது. dddd என்பது 'புரிஞ்சவங்களுக்குப் புரியும்' என்றும் வரும், 'தம்பியையும் கூட்டிட்டுப் போங்க' என்றும் வரும். கேம் காணொளியில் நன்றாக ஆடுபவரைப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் இரண்டாவது. வெளிப்படையாகப் பேச முடியாத செய்திக்கு அடியில் வந்தால் முதலாவது. அந்த நொடியில் திரையில் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் நான் இப்போது எதையும் எழுதுவதில்லை.

முழு வடிவம் தெரிந்த பிறகும் சிரிப்பு வந்துவிடாது என்பதை எனக்குக் காட்டியது 'யே சிங் ஹுவெய்'. 'யே த சிங்சுன் ஹுவெய்லாய் லெ' என்ற ஏழு எழுத்து வாக்கியத்தை மூன்றாக ஒடித்தது. 2020ல் பிலிபிலி அந்த ஆண்டின் பின்னூட்டமாக அறிவித்தது இதைத்தான். சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் திரும்ப வந்தால், பழைய பாடகர் மறுபடி மேடை ஏறினால், திரை முழுக்க இதுவே ஓடும். அகராதியில் 'யே' என்றால் தாத்தா. நானும் 'தாத்தாவின் இளமை திரும்பியது' என்று எழுதினேன். பார்த்த நண்பர், "இதுல தாத்தா எங்கப்பா இருக்கார்?" என்று கேட்டார்.

தாத்தா அங்கே இல்லை. 'யே' என்பது பெரிய மனிதர்களை அழைக்கும் சொல்லும்கூட. இருபது வயதுப் பையன் தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்வது ஒரு கெத்து. அந்தக் கெத்து தமிழில் ஏற்கெனவே இருக்கிறது, 'ஐயா யாருன்னு தெரியுமா' என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்வதில்லையா? 'ஐயாவோட வாலிபம் திரும்பிடுச்சு' என்று மாற்றினேன். அதே நண்பர் அடுத்த காணொளியில் அதைப் பார்த்துச் சிரித்தார். இதற்கு எதிர்ப்பதமும் உண்டு, 'யே சிங் ஜியே'. பிடித்த தொடர் முடியும்போது போடுவார்கள். 'ஐயாவோட வாலிபம் முடிஞ்சுது' என்று அதுவும் சிரமமில்லாமல் வந்துவிட்டது.

நான் அதிக நாள் செலவழித்தது 'பெங்பு ஜு லெ' என்பதில். பெங்பு, அன்ஹுவெய் மாகாணத்தில் உள்ள ஒரு நகரம். எழுதியிருப்பதை அப்படியே படித்தால் 'பெங்புவில் குடியேறியாச்சு'. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் 'அடக்க முடியல' என்ற தொடரின் ஒலி. சிரிப்போ அழுகையோ முட்டிக்கொண்டு வரும்போது இதைப் போடுவார்கள். அர்த்தத்தை மட்டும் எடுத்து 'சிரிப்பை அடக்க முடியல' என்று எழுதினால் ஊர் போய்விடுகிறது, ஊர் போனால் விளையாட்டும் போய்விடுகிறது. அடிக்குறிப்பு போடலாம்தான், ஆனால் ஓடுகிற எழுத்துக்கு அடிக்குறிப்பு படிக்க யாருக்கு நேரம்?

செங்கல்பட்டுப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகை ஒன்று அதைத் தீர்த்து வைத்தது. வேடந்தாங்கல். ஊர்ப்பெயரில் 'தாங்கல்' என்றால் ஏரி, பேச்சில் 'தாங்கல' என்றால் பொறுக்க முடியவில்லை. 'சிரிப்பு வேடந்தாங்கல்' என்று எழுதி அனுப்பினேன். விளக்கம் கேட்காமல் சிரித்தார்கள்.

ஆனாலும் எல்லா இடத்திலும் அதைப் போடுவதில்லை. பின்னூட்டம் தனியாக ஓடும்போது வேடந்தாங்கல் பொருந்துகிறது. போன மாதம் ஒரு பயணக் காணொளியில் ரயில் பெங்பு நிலையத்தில் நின்றது. பலகை திரையில் தெரிய, அதன் மேலேயே நூற்றுக்கணக்கில் 'பெங்பு ஜு லெ' ஓடியது. அங்கே சிரிப்பே அந்த ஊர்தான். 'பெங்பு வந்தாச்சு, இனி அடக்க முடியாது' என்று எழுதினேன். வேடந்தாங்கல் அளவுக்கு அது எடுபடவில்லை. அந்த வரியை இன்னும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.