'கமிஷன் இல்லை' என்ற ஆப்பும் என் பழைய ரசீதுகளும்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது எதையும் நான் தூக்கிப் போடுவதில்லை. தேக்காவில் ஒரு கடை, போனில் ஒரு ஆப் என இரண்டையும் பல வருடமாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். கடையில் 5 சிங்கப்பூர் வெள்ளி கட்டணம். ஆப்பில் கட்டணமே இல்லை. அப்படியானால் ஆப்தானே மலிவு?

ரசீதில் கட்டணத்தைத் தனியாக எழுதியிருக்கும். ரேட்டைக் குறைத்து எடுக்கும் லாபத்தை எங்கும் எழுதியிருக்காது. அதனால் இரண்டையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஊரில் வரவான ரூபாயை, கட்டணமும் சேர்த்து என் கையை விட்டுப் போன வெள்ளியால் வகுப்பேன். வருவதுதான் உண்மையான ரேட்.

ஒரு நாள் கணக்கைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்குச் சந்தை ரேட் 62.50 ரூபாய், கடை ரேட் 62.10, ஆப் ரேட் 61.60. கையில் 1,000 வெள்ளி. கடையில் 5 வெள்ளி போக மீதி 995-க்கு 61,789 ரூபாய். ஆப்பில் 61,600. 'இலவச' ஆப்தான் 189 ரூபாய் குறைவாகத் தருகிறது. சந்தை ரேட்டோடு பார்த்தால் அது எடுத்துக்கொண்டது 900 ரூபாய், அதாவது 14 வெள்ளிக்கு மேல்.

அதே நாளில் 200 வெள்ளி மட்டும் அனுப்பினால் கதை திரும்பிவிடும். கடையில் 12,109, ஆப்பில் 12,320. இந்த ரேட்டுகளில் இரண்டும் சமமாகும் இடம் சுமார் 620 வெள்ளி. எனவே வீட்டுச் செலவுக்குச் சின்னத் தொகை என்றால் ஆப், காலேஜ் ஃபீஸ் மாதிரி பெரிய தொகை என்றால் கடை.

பழைய ரசீதுகளை ஒப்பிடும்போது, ஒவ்வொன்றையும் அந்த நேரத்துச் சந்தை ரேட்டோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். போன மாத ரசீதில் ரூபாய் கூடுதலாக இருந்தால் ரூபாய் மதிப்பு இறங்கியிருக்கலாம், கடைக்காரர் தாராளமாகிவிட்டார் என்று அர்த்தமில்லை. அனுப்பும்போதே சந்தை ரேட்டை ரசீதின் பின்பக்கம் பேனாவால் எழுதிவிடுவேன். புது வாடிக்கையாளருக்கென்று ஆப் தரும் முதல் தடவை ரேட்டைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது தூண்டில் புழு.

வங்கி வழியாக ஸ்விஃப்டில் அனுப்பினால் ரசீது மட்டும் போதாது, ஊரில் பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இடையில் இருக்கும் வங்கி தன் பங்கைப் பிடித்திருக்கலாம். வெள்ளியாகவே போய் இந்திய வங்கி ரூபாயாக மாற்றினால், அந்த வங்கியின் ரேட்டோடு ஜிஎஸ்டியும் சேரும். 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையின் 1 சதவீதத்துக்கு 18 சதவீதம். 60,000 ரூபாய்க்கு 108. பெரிய தொகையில்லைதான், ஆனால் சிங்கப்பூர் ரசீதில் அது இருக்காது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. நமக்கு லீவு, தேக்காவில் கூட்டம், ஆனால் நாணயச் சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை ரேட் எப்படித் திறக்குமோ என்று சிலர் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொள்வார்கள். என் ஞாயிறு ரசீதுகளில் சந்தை ரேட்டுக்கும் கடை ரேட்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் அகலம். அவசரமில்லை என்றால் செவ்வாய், புதனில் வேலை முடிந்து போகிறேன். வரிசையும் இருப்பதில்லை.