பார வண்டிக்கு எந்த ரயர்? மூன்று சில்லு சைக்கிளில் நான் கண்டது

பாரம் ஏற்றுகிற வண்டிக்கு 6 பிளை, அதாவது உள்ளே நூல் அடுக்குக் கூடிய ரயர் போட்டால் போதும் என்றுதான் எந்தச் சைக்கிள் கடையிலும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் உரும்பிராயிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறியும் வெங்காயமும் ஏற்றுகிற என் மூன்று சில்லு வண்டியில் சில வருடமாக 4 பிளை, 6 பிளை, ஒடுக்கம், அகலம் எல்லாம் ஓடித் தேய்ந்துவிட்டன. அதை வைத்துச் சொல்கிறேன், பாரத்தைத் தாங்குவது பிளை இல்லை, உள்ளே இருக்கிற காற்றுத்தான். பிளை கூடினால் ரயர் கூடிய அமுக்கத்தைத் தாங்கும், பக்கச் சுவர் கல்லிலும் கருக்கு மட்டையிலும் லேசில் வெட்டுப்படாது, அவ்வளவே. காற்றுக் குறைந்த 6 பிளை இன்னும் மோசம், ஏனென்றால் தடித்த சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடாகி உள்ளே நூல் அறுகிறது, வெளியே தெரிவது பிறகு வரும் ஒரு வீக்கம் மட்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். மூன்று அந்தர் வெங்காயம் என்றால் ஏறத்தாழ 150 கிலோ, வண்டி 50, ஓட்டுகிற ஆள் 65. முன் சில்லுக்கு ஒரு 45 கிலோ போனால் பின் சில்லு ஒவ்வொன்றிலும் 110 கிலோ நிற்கும். ஒரு சில்லில் நிற்கிற பாரத்தை அமுக்கத்தால் பிரித்தால் ரயர் தரையோடு ஒட்டுகிற பரப்பு கிட்டத்தட்ட வரும். பி.எஸ்.ஐ. என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அளவு, 110 கிலோ ஏறத்தாழ 242 இறாத்தல், அதற்கு 60 பி.எஸ்.ஐ. இருந்தால் 4 சதுர அங்குலம், 40 இருந்தால் 6. ஒன்றரை அங்குல ரயரில் அந்த 6 சதுர அங்குலம் நீளப்பாட்டில்தான் கிடைக்கும், அதற்கு ரயர் நன்றாகச் சப்ப வேண்டும், அப்போது ஒழுங்கையில் ஒரு சுண்ணாம்புக்கல் ஏறினாலே றிம் ரியூப்பைக் கடித்துவிடும். ரியூப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன வெட்டு இருந்தால் முள் குத்தியது இல்லை, காற்றுப் போதவில்லை.

காற்று எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளே சின்ன றப்பர் குழாய் மாட்டுகிற பழைய வால்வில் அளவுமானி வைத்துப் பார்க்க முடியாது, கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதும் தடித்த ரயரில் பொய் சொல்லும். அதனால் பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்து, சில்லைக் கொஞ்சம் உயர்த்தி ரயர் தரையில் தொட்டும் தொடாமலும் நிற்கையில் றிம் விளிம்பு தரையிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் என்று குறிப்பேன். பாரம் முழுக்க ஏற்றி ஆளையும் இருத்திவிட்டுத் திரும்ப அளப்பேன். ரயர் உயரத்தில் நூற்றுக்குப் பதினைந்து அளவு இறங்கலாம், ஒன்றரை அங்குல ரயருக்கு அது 6 மில்லிமீற்றர் போல. 10 இறங்கினால் காற்றடிக்காமல் வெளிக்கிடாதீர்கள். ஆனால் ரயர் பக்கத்தில் அச்சடித்திருக்கிற உச்ச அமுக்கத்தைத் தாண்டவும் வேண்டாம். அந்த உச்சத்தில் நின்றும் 6க்கு மேல் இறங்கினால் ரயர் ஒடுக்கம் என்றுதான் அர்த்தம்.

எனக்கு அப்படித்தான் வந்தது, அதனால் பின் சில்லு இரண்டையும் 28 × 1½ இலிருந்து 26 × 2.125க்கு மாற்றினேன். ரயர் மட்டும் மாற்றினால் சரிவராது, றிம், கம்பி எல்லாம் புதிதாகக் கட்ட வேண்டும். இன்னொன்று, 26 × 1⅜ என்றும் ஒரு ரயர் இருக்கிறது, அதுவும் 26தானே என்று வாங்கினால் ஏறாது. பக்கத்தில் சின்னதாக இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள், அகலமானதற்கு முடிவில் 559, மற்றதற்கு 590, பழைய 28க்கு 635. மாற்றிய பிறகு 50 பி.எஸ்.ஐ.யிலேயே அதே பாரம் நிற்கிறது, கிடங்குகளில் அடி குறைவு, தட்டு ஒரு அங்குலம் போலப் பதிந்ததால் மூட்டை தூக்குவதும் லேசு. அகலமான ரயருக்குள் ஒடுக்கமானதற்கு அடிக்கிற அமுக்கத்தை ஏற்றக்கூடாது. ஒரே அமுக்கத்தில் அகலம் கூடக் கூட ரயரின் சுவரிலும் றிம்மிலும் இழுவை கூடும், மெல்லிய றிம் விரிந்துவிடும். வாகனம் திருத்துகிற இடத்துக் கொம்பிறசரில் அடித்தால் கண் மூடித் திறக்க முன் அளவு தாண்டிவிடும், அதனால் விட்டுவிட்டு அடியுங்கள்.

வால்வ் நேராக நிற்கிறதா என்று இடைக்கிடை பாருங்கள். சரிந்து நின்றால் காற்றுக் குறைந்து ரயர் றிம்மில் நழுவுகிறது, ரியூப் வால்வடியில் கிழிய நாள் அதிகமில்லை. அப்புறம், நாங்கள் இடப்பக்கம் ஓடுவதாலும் வீதியின் நடு உயர்ந்து கரை சரிந்து கிடப்பதாலும் இடச் சில்லுக்குப் பாரம் கூட, அது முதலில் தேயும். மூன்று சில்லு வண்டி வளைவில் சாயாது, ரயர் பக்கவாட்டில் உரசும், அதுவும் சேரும். நான் இடையில் இரண்டு ரயரையும் இடம் வலம் மாற்றிப் போடுகிறேன், முன் சில்லில் பழைய ஒடுக்கமான 4 பிளையே இன்னும் கிடக்கிறது, அதற்கு அது போதும்.