கீசரின் அடியில் சொட்டும் நீர்: வேர்வையா, மூட்டா, உள்தாங்கியா?

சுவரில் நிமிர்ந்து தொங்கும் கீசர்களில் எந்தப் பிழை வந்தாலும் தண்ணீர் கடைசியில் ஒரே இடத்தில்தான் விழும். குளிர்நீர் குழாய், சுடுநீர் குழாய், ஹீற்றர் கம்பி பூட்டிய தட்டு எல்லாமே அடியில் இருக்கின்றன. மேலே கசிந்த துளியும் தகட்டின் உட்புறத்தால் இறங்கி அடிமூடியின் விளிம்பில் வந்து நிற்கும். ஆகவே சொட்டும் இடத்தை மட்டும் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது. சொட்டும் நேரத்தையும், காய்ந்தபின் அந்தத் துளி விட்டுப்போகும் தடத்தையும் பார்க்க வேண்டும்.

முதலில் வேர்வை. வன்னியில் அயலார் பலரும் முதலில் சொல்வது இதுதான். உண்மையில் இங்கே மிகக் குறைவாக நடப்பதும் இதுதான். காற்றிலுள்ள ஈரம் படிவதற்கு, அது தொடும் பரப்பு போதிய அளவு குளிர்ந்திருக்க வேண்டும். எங்கள் கிணற்று நீர் வருடம் முழுக்க 27, 28 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். மேல்தாங்கி வெயிலில் நின்றால் அதைவிடச் சூடு. அந்த நீர் ஓடும் குழாய் சாதாரணக் காற்றில் வேர்க்காது. மார்கழி விடியலில், சன்னல் பூட்டிய குளியலறையில் ஒருவர் சுடுநீரில் குளித்து முடித்த கையோடுதான் வேர்வைக்கு வாய்ப்பு. அப்போதும் அது ஒரு புள்ளியில் சொட்டாது. குழாய் முழுவதும், சில வேளை வெளித்தகடும், கண்ணாடியும் மெல்லியதாக நனைந்திருக்கும். சன்னலைத் திறந்துவிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் காய்ந்துவிடும். ஒரே மூலையில் இரவு முழுக்கச் சொட்டுவதை வேர்வை என்று விட்டுவிடுவது ஆபத்து. அடிமூடிக்குள் தெர்மோஸ்ராட்டும் கரண்ட் வயரும் இருக்கின்றன.

இதைப் பிரித்தறிய எங்கள் தண்ணீரே ஒரு வழி தருகிறது. வன்னிக் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு கூட. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையே அதற்குச் சாட்சி. வேர்வையோ வடித்த நீர் போன்றது, அதில் உப்பு கிடையாது. அடிமூடியின் வெளிப்புறத்தைத் துடைத்துச் சுத்தமாக்கியபின் விழும் புதுத் துளிகள் சிலவற்றை ஒரு கறுப்புத் தட்டில் ஏந்தி, நிழலில் காய விடுங்கள். தடமே இல்லையென்றால் வேர்வை. வெள்ளை வளையம் விட்டால் குழாய் நீர் கசிகிறது. வளையம் மண்ணிறமாக இருந்தால் எங்கோ இரும்பு துருவேறுகிறது, சுடுநீர் நிற்கும் உள்தாங்கியைச் சந்தேகிக்க வேண்டும். துடைக்காமல் ஏந்தினால் பழைய படை கரைந்து வேர்வையும் வெள்ளை வளையம் விடும். பழைய இரும்புக் குழாய்த் துண்டு இருந்தால் அதுவும் மண்ணிறம் காட்டும். துருவேறா எஃகு உள்தாங்கி ஓட்டையானாலும் மண்ணிறம் வராமல் போகலாம். மழைநீர் சேமித்துப் பாவிக்கும் வீட்டில் இந்தச் சோதனை உதவாது.

அடுத்தது குழாய்களைப் பூட்டிய மூட்டு. பிழைகளில் மலிவானதும் இதுதான், அதிகம் நடப்பதும் இதுதான். பிளெக்சிபிள் ஹோசின் நட்டுக்குள் இருக்கும் றப்பர் வோஷர் சூட்டில் இறுகி வெடிக்கும். த்ரெட் ரேப் சுற்றிய மரை தளரும். சுடுநீர்ப் பக்கத்துக்குச் சாதாரண பீ.வி.சி. குழாய் போட்டிருந்தால், 60 பாகையை ஒட்டியதும் அது இளகத் தொடங்கிவிடும். கீசர் சூடேறும்போது மட்டும் அந்தப் பக்கத்தில் ஒழுகி, ஆறியதும் நின்றால் இதை முதலில் பாருங்கள். நட்டை இன்னும் இறுக்கிப் பயனில்லை, சுடுநீருக்கான சீ.பீ.வி.சி. குழாயாக மாற்ற வேண்டும்.

பாதுகாப்பு வால்விலிருந்து சூடேறும் நேரத்தில் சொட்டுவதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. 25 லீற்றர் நீர் 28 பாகையிலிருந்து 65 பாகைக்குப் போகும்போது ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் விரிகிறது. திரும்பிப் போக வழியில்லாத அமைப்பில் அது அந்த வால்வாலேதான் வெளியேறும். அதன் வாயை ஒருபோதும் அடைக்காதீர்கள். சூடு நின்றபின்னும் இடைவிடாமல் ஒழுகினால்தான் வால்வைப் பார்க்க வேண்டும்.

மூட்டுக்கும் உள்தாங்கிக்கும் இடையில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். விசுவமடுவில் பெரியம்மா வீட்டுக் கீசர் இதற்கு நல்ல உதாரணம். 25 லீற்றர், சில வருடங்கள் பழையது, காலையில் மட்டும் தரையில் ஈரம். “பனிக்காலம், வேர்க்குது, விடுங்கோ” என்று பக்கத்து வீட்டு அண்ணை சொல்லியிருந்தார். காலையில் மட்டும் கண்ணில் பட்டதற்குக் காரணம் வேறு: பகலில் எல்லோரும் குளிப்பதால் தரை எப்படியும் நனைந்திருக்கும். தட்டில் காய்ந்த வளையம் இளமண்ணிறம்.

மெயின் போர்ட்டில் கீசருக்குப் போகும் பிறேக்கரை நிறுத்தினோம். சுவர் சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது. எல்லாவற்றையும் துடைத்து, இரண்டு நட்டுகளையும் சுற்றி ரிசூ பேப்பர் கட்டினோம். சுடுநீர்ப் பக்கம் நனைந்தது. வோஷர் கல்லாகியிருந்தது, மாற்றினோம். அடுத்த நாள் இரண்டு பேப்பரும் உலர்ந்திருந்தன, ஆனாலும் அடிமூடியில் துளி நின்றது. பலர் இந்த இடத்தில் நட்டைத் திரும்பவும் இறுக்கப் போவார்கள். பேப்பர் உலர்ந்திருந்தால் அந்த மூட்டில் பிழையில்லை. தேடல் மூடிக்குள் போக வேண்டும்.

கரண்ட் இல்லை என்று உறுதிசெய்தபின் எலக்ரீசியன் அடிமூடியைக் கழற்றினார். ஹீற்றர் கம்பி பூட்டிய தட்டின் போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைப் படையும் ஈரமும் இருந்திருந்தால், அதன் கஸ்கெற்றை மாற்றினால் போதும், கீசர் பிழைத்திருக்கும். இங்கே தட்டு முழுக்க உலர்ந்திருந்தது. துருநீர் பின்புறத்தில், மஞ்சள் நுரைக்கும் வெளித்தகட்டுக்கும் இடையால் இறங்கி வந்தது. நுரையை அழுத்தினால் நீர் கக்கியது. உள்தாங்கி ஓட்டை என்பதற்கு இதற்கு மேல் அத்தாட்சி தேவையில்லை. உள்ளே மக்னீசியம் தண்டு இருந்த இடத்தில் வெறும் கம்பிதான் மிஞ்சியிருந்தது. தாங்கியின் இரும்புக்குப் பதிலாக அரிபடத்தான் அந்தத் தண்டு. அது தீர்ந்தபின் தாங்கியின் உட்புறக் கண்ணாடிப் பூச்சில் வெடிப்புள்ள இடமெல்லாம் இரும்பு தின்னப்படும்.

உள்ளே வரும் நீரை மூடிப் பார்த்துத் தீர்மானிக்கும் பழக்கமும் இருக்கிறது. அதை நான் நம்புவதில்லை. மேல்தாங்கியின் அழுத்தம் போனதும் மூட்டுக் கசிவும் குறையும், உள்தாங்கிக் கசிவும் குறையும். மூடியபின் பல மணித்தியாலம் சொட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் உள்தாங்கிப் பக்கம் சாயலாம்.

ஓட்டையான உள்தாங்கியை வெல்டிங் செய்து தருவதாகச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் கண்ணாடிப் பூச்சு உதிரும், சுற்றியுள்ள நுரை எரியும், ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த ஓட்டை விழும். உத்தரவாதச் சீட்டைத் தேடி எடுங்கள். உள்தாங்கிக்குப் பெரும்பாலும் மற்றப் பாகங்களைவிட நீண்ட காலம் தனியாகக் கொடுத்திருப்பார்கள். புதியது பூட்டினால், எங்கள் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை அந்த மக்னீசியம் தண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.