சைன் அலை இன்வெர்ட்டரும் மின்விசிறியின் ரீங்காரமும்: சில ஆண்டு அனுபவம்

2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது தமிழ்நாட்டில் பலரும் கிடைத்த இன்வெர்ட்டரை வாங்கினோம். அப்போது நான் வாங்கியது சதுர அலை வகை. மின்சாரம் போனதும் மின்விசிறி வேறொரு குரலில் பேசத் தொடங்கும். பேட்டரி தீரும்வரை அந்த ரீங்காரம் ஓயாது. பிறகு அதைக் கழற்றிவிட்டு சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறினேன். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி. இரண்டு மின்விசிறிகள், சில எல்இடி விளக்குகள், இணைய ரவுட்டர் என்று சுமார் 200 வாட் சுமை. சில ஆண்டுகளாக ஓடுகிறது. ரீங்காரம் ஏன் போனது, பேட்டரி வயதானபின் ஏன் சற்றே திரும்பியது என்பதுதான் இங்கே சொல்ல விரும்புவது.

பெட்டிக்குள் முக்கியமான வேலையைச் செய்வது நான்கு சுவிட்சுகள் கொண்ட பிரிட்ஜ். ஒவ்வொரு சுவிட்சும் மாஸ்ஃபெட் என்னும் ஒரு டிரான்சிஸ்டர், அல்லது பக்கம் பக்கமாக இணைத்த பல மாஸ்ஃபெட்கள். குறுக்காக எதிரெதிரே இருக்கும் ஒரு ஜோடி மூடினால் டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர் மின்னழுத்தம், மற்ற ஜோடி மூடினால் எதிர் மின்னழுத்தம். இதை விநாடிக்கு 50 முறை மாற்றி மாற்றிச் செய்தால் சதுர அலை கிடைத்துவிடும். ஆனால் அந்த அலையில் 50 ஹெர்ட்ஸ் மட்டும் இல்லை. அடிப்படை அலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு 150 ஹெர்ட்ஸ், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு 250 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகளான ஹார்மோனிக்ஸ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மோட்டாரின் இரும்பையும் சுருளையும் அதிரவைப்பது இவைதான். கெபாசிட்டர் வகை ரெகுலேட்டர் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதிர்வெண் கூடக் கூட கெபாசிட்டரின் எதிர்ப்பு குறைவதால், வேண்டாத அலைகளுக்கு அது அகலமாக வழிவிடுகிறது.

150 ஹெர்ட்ஸை வடிகட்ட வேண்டுமானால் பெரிய சுருளும் பெரிய கெபாசிட்டரும் வேண்டும்; வீட்டு இன்வெர்ட்டரின் விலைக்கு அது கட்டுப்படியாகாது. துடிப்பு அகலப் பண்பேற்றம் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. வேண்டாத அலைகளை அது அழிப்பதில்லை. எளிதாக வடிகட்டக்கூடிய உயரத்துக்குத் தள்ளிவிடுகிறது.

என் இன்வெர்ட்டர் ஏறத்தாழ 20 கிலோ ஹெர்ட்ஸில் துடிப்புகளை உருவாக்குகிறது. அதாவது ஒரு துடிப்புக்கு ஒதுக்கிய நேரம் 50 மைக்ரோ விநாடி. ஓர் அரைச் சுற்றில் 200 துடிப்புகள். எல்லாத் துடிப்புகளும் ஒரே உயரம்தான், அதாவது பேட்டரியின் மின்னழுத்தம். மாறுவது அகலம் மட்டுமே. சைன் அலை தாழ்ந்திருக்கும் இடத்தில் துடிப்பு ஒல்லி, உச்சத்தில் பருமன். அரைச் சுற்றை 180 டிகிரியாகப் பிரித்தால் உச்சம் 90 டிகிரியில் வரும். அங்கே 50-இல் 43.5 மைக்ரோ விநாடி சுவிட்ச் மூடியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியில் அதில் சரிபாதி, சுமார் 22. ஐந்து டிகிரியில் 4-க்கும் குறைவு. ஒவ்வொரு 50 மைக்ரோ விநாடியின் சராசரியை எடுத்துப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் அது சைன் வளைவில் அமரும். சராசரி எடுக்கும் வேலையை டிரான்ஸ்ஃபார்மரின் கசிவு இண்டக்டன்ஸும், 230 வோல்ட் பக்கத்தில் உள்ள சிறிய கெபாசிட்டரும் செய்கின்றன. எஞ்சும் குப்பை 20 கிலோ ஹெர்ட்ஸ் அருகில் இருப்பதால் காதுக்கும் எட்டாது, மோட்டாருக்கும் உறைக்காது.

சின்னக் குறை ஒன்று உண்டு. பிரிட்ஜின் ஒரே பக்கக் காலில் உள்ள மேல், கீழ் சுவிட்சுகள் இரண்டும் ஒரே நேரத்தில் மூடினால் பேட்டரி குறுக்குச் சுற்றாகி மாஸ்ஃபெட் வெடிக்கும். அதனால் ஒன்று திறந்து மற்றது மூடுவதற்குள் ஏறக்குறைய ஒரு மைக்ரோ விநாடி இடைவெளி விடுகிறார்கள். 43 மைக்ரோ விநாடித் துடிப்பில் அது பெரிதல்ல. 4 மைக்ரோ விநாடித் துடிப்பில் கால் பங்கு. சிறிய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால், அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் லேசான முடிச்சு தெரியும். (ஸ்கோப்பை நேரடியாக 230 வோல்ட்டில் மாட்டிவிடாதீர்கள்.) இந்த முடிச்சால் வீட்டில் எதுவும் கெட்டதில்லை.

உண்மையான வரம்பு பூச்சியத்தில் இல்லை, உச்சியில் இருக்கிறது. துடிப்பு தன் 50 மைக்ரோ விநாடியைத் தாண்டி அகல முடியாது. என் சுமைக்கு வெளியே 230 வோல்ட் வர, பிரிட்ஜிலிருந்து வரும் சைன் அலையின் உச்சம் 10 வோல்ட்டாக இருக்க வேண்டும் என்று கொள்வோம். சுமார் 20 ஆம்பியர் ஓடும்போது கேபிள், மாஸ்ஃபெட், சுருள் எல்லாம் சேர்ந்து ஒரு வோல்ட்டை விழுங்கும். பேட்டரி 12.5 வோல்ட் தந்தால் கையில் இருப்பது 11.5; தேவையைக் கையிருப்பால் வகுத்தால் வருவது பண்பேற்ற விகிதம், இங்கே 10/11.5, அதாவது 0.87. மேலே சொன்ன 43.5 மைக்ரோ விநாடி இப்படி வந்ததுதான். பேட்டரி இறங்க இறங்கக் கட்டுப்பாட்டுச் சிப் துடிப்புகளை அகலப்படுத்தி 230-ஐக் காப்பாற்றுகிறது. 11 வோல்ட்டில் விகிதம் 1-ஐத் தொடும். அதற்குமேல் அகலப்படுத்த இடமில்லை.

10.5 வோல்ட்டுக்கு வரும்போது கையில் இருப்பது 9.5, தேவை 10. ஆகவே 72 டிகிரியிலிருந்து 108 டிகிரிவரை அலையின் தலை தட்டையாகிறது. 10 மில்லி விநாடி அரைச் சுற்றில் 2 மில்லி விநாடி. சிப் விட்டுக்கொடுக்காமல் 230-ஐ எட்ட முயன்றால் தட்டைப் பகுதி இன்னும் நீளும். சைன் அலை மெல்லச் சதுர அலையை நோக்கி நடக்கிறது. கூடவே 150 ஹெர்ட்ஸும் வருகிறது. இரவில், மின்விசிறி தாழ்ந்த வேகத்தில் சுழலும்போது, மெல்லிய ரீங்காரமாக அதைக் கேட்கலாம்.

புதிய பேட்டரியில் இந்த ஒலி கடைசி நிமிடங்களில் மட்டுமே வந்தது. நான்காம் ஆண்டில், மின்சாரம் போன அரை மணி நேரத்துக்குள்ளேயே வரத் தொடங்கியது. அதே 20 ஆம்பியருக்குப் பேட்டரியின் உள்மின்தடை கூடுதலாக வோல்ட்டைத் தின்றதுதான் காரணம். இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது, போர்டை மாற்ற வேண்டும் என்றார் பார்க்க வந்த மெக்கானிக். ஒரு மின்விசிறியை அணைத்துக் காட்டினேன், ரீங்காரம் நின்றது. கெட்டுப்போன போர்டு, சுமை குறைந்ததும் நலமாகிவிடாது. புதிய பேட்டரி வைத்ததும் தொல்லை தீர்ந்தது.

முதல் நிமிடத்திலிருந்தே, பேட்டரி நிறைந்திருக்கும்போதும், ஒரே மாதிரி ஒலி வந்தால் கதை வேறு. வெளியீட்டு கெபாசிட்டர் சோர்ந்திருக்கலாம். அப்போது ரெகுலேட்டர்கள் காரணமின்றிச் சூடாகும். இதை மலிவான மல்டிமீட்டரை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். அது சராசரியை அளந்து சைன் அலைக்கான கணக்கில் காட்டும். உண்மையான 230 வோல்ட் சதுர அலையை அதே மீட்டர் 255 என்று சொல்லும். அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளக்கும் உண்மை ஆர்எம்எஸ் மீட்டர் வேண்டும்.

இன்வெர்ட்டரில் எனக்குத் தீராத எரிச்சல் அதன் முகப்பில் உள்ள பேட்டரிக் கட்டங்கள்தான். மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து ஏறி இறங்குவதால், சுமையை மாற்றினால் அவையும் தாவுகின்றன. உள்ளே இருக்கும் சிப்புக்குத் தன் பண்பேற்ற விகிதம் ஒவ்வொரு கணமும் தெரியும். அந்த எண்ணிலிருந்துதான் அது துடிப்புகளையே வெட்டுகிறது. 0.87 என்றோ 1.00 என்றோ அதை அப்படியே திரையில் காட்டியிருந்தால் மெக்கானிக்குக் கொடுத்த கட்டணமாவது மிஞ்சியிருக்கும்.